ஸ்ப்ளிட் நாளில் உடைந்துபோகும் ஆர்எஸ்ஐ

"சார், ஆப்பிள் பங்கின் பழைய விலைகளை ஒரு கோப்பில் எடுத்து ஆர்எஸ்ஐ போட்டேன். 2020 ஆகஸ்ட் 31 அன்று தடாலென்று விழுந்தது, ஒரு மாதம் ஆகியும் சரியாகவில்லை. யாஹூவின் Adj Close எடுத்துப் போட்டால் போதுமா?"

அன்றுதான் ஆப்பிளில் ஒரு பங்கு நான்காகப் பிரிந்தது. முந்தைய வர்த்தக நாளான 28ஆம் தேதி முடிவு விலை 499.23 டாலர், 31ஆம் தேதி 129.04. உங்கள் கோப்பு அதை 370 டாலர் நஷ்டமாக எடுத்துக்கொள்கிறது. 499.23ஐ நான்கால் வகுத்தால் 124.81. அதாவது அன்று பங்கு மூன்று சதவீதத்துக்கும் மேல் ஏறியிருக்கிறது!

ஒரு மாதம் ஆகியும் ஏன் சரியாகவில்லை? 20 நாள் சிம்பிள் மூவிங் ஆவரேஜ் என்றால், பழைய விலைகள் கணக்கை விட்டு வெளியேறியதும் தானாகச் சரியாகிவிடும். சராசரி லாபத்தையும் சராசரி நஷ்டத்தையும் ஒப்பிடும் 14 நாள் ஆர்எஸ்ஐ அப்படி இல்லை. வைல்டர் முறையில் நேற்றைய சராசரியில் 14இல் 13 பங்கு இன்றைக்கும் வரும். அந்த 370 முதல் நாளே சராசரி நஷ்டத்தில் 26 டாலருக்கு மேல் ஏற்றிவிடும். 21 வர்த்தக நாள் கழித்தும் அதில் சுமார் 5.6 டாலர் மிச்சம் இருக்கும். அந்தச் செப்டம்பரில் ஆப்பிளின் ஒரு நாள் நகர்வே பெரும்பாலும் ஐந்து டாலருக்குள்தான்.

அதனால் ஸ்ப்ளிட்டுக்கு முந்தைய எல்லா விலைகளையும் 0.25ஆல் பெருக்க வேண்டும், வால்யூமை 4ஆல் பெருக்க வேண்டும்.

அப்புறம் டிவிடெண்ட். அதே ஆகஸ்ட் 7ஆம் தேதி எக்ஸ் டிவிடெண்ட், பங்குக்கு 0.82 டாலர். முந்தைய நாள் முடிவு விலை 455.61. காரணி 1 − 0.82/455.61, அதாவது 0.9982. ஆகஸ்ட் 6 வரையிலான விலைகளுக்கு இதையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். இங்கே பலர் தவறுவது, ஸ்ப்ளிட்டுக்கு ஏற்பச் சுருக்கிய 0.205 டிவிடெண்டை, சுருக்காத 455.61ஆல் வகுப்பது. இரண்டும் ஒரே அளவுகோலில் இருக்க வேண்டும்.

சரி, Adj Close போதுமா? ஆர்எஸ்ஐக்கு முடிவு விலை மட்டும்தான் தேவை, அதனால் போதும். ஆனால் High, Low விலைகளும் தேவைப்படும் ஏடிஆர், ஸ்டோகாஸ்டிக் போட்டால் போதாது. யாஹூவின் Open, High, Low, Close நான்கிலும் ஸ்ப்ளிட் மட்டும்தான் சரிசெய்யப்பட்டிருக்கும், டிவிடெண்ட் Adj Closeஇல் மட்டும். இரண்டையும் கலந்தால் பழைய தேதிகளில் முடிவு விலை அன்றைய Lowக்கும் கீழே போய்விடும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டாலே கலந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இப்படிச் செய்யுங்கள்:

```
k = df['Adj Close'] / df['Close']
for c in ['Open', 'High', 'Low', 'Close']:
    df[c] = df[c] * k
```

இதில் வரும் பழைய விலைகள் அன்று யாரும் வாங்கி விற்ற விலைகள் அல்ல. "500 டாலரைத் தாண்டினால் வாங்கு" என்பது போன்ற விதியைச் சோதிப்பதாக இருந்தால், அதற்குச் சரிசெய்யாத விலையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.