அம்மாவின் பிறந்த திகதி வங்கியில் ஒரு நாள் பிந்தியது எப்படி? திருத்தக் கடிதம் எழுதும் முறை

வணக்கம் உறவுகளே. களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசுகிறேன். என் அம்மா பிறந்தது 1965 மார்ச் 12ஆம் திகதி. அவருடைய பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் அந்தத் திகதிதான் இருக்கிறது. ஆனால் அவருடைய சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியின் பதிவேட்டில் மார்ச் 13 என்று இருந்தது. பல ஆண்டுகளாக எவருக்கும் தெரியாத இந்தப் பிழை, வங்கியின் கைத்தொலைபேசிச் செயலியில் அம்மாவைப் பதிவு செய்ய முயன்றபோது, பிறந்த திகதி பொருந்தவில்லை என்று செயலி மறுத்ததால்தான் வெளியே வந்தது.

முதலில், "பிறந்த திகதி பிழையாக உள்ளது, திருத்தித் தரவும்" என்று இரண்டே வரியில் ஒரு கடிதம் கொடுத்தோம். அங்கிருந்த உத்தியோகத்தர் அடையாள அட்டை இலக்கத்தை வைத்து மீண்டும் நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, இலக்கத்தின்படி மார்ச் 13 சரிதான் என்று கூறிக் கடிதத்தைத் திருப்பித் தந்தார். அவர் வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை. அந்த இலக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பதை நாங்கள் கடிதத்தில் விளக்கியிருக்க வேண்டும்.

அம்மாவின் பழைய அட்டை இலக்கம் 65572 என்று தொடங்குகிறது. 65 என்பது பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுகின்றன; பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே 572இலிருந்து 500ஐக் கழித்தால் 72 வருகிறது. பிழை இதற்குப் பிறகுதான் நுழைகிறது. அடையாள அட்டை இலக்கத்தில் எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாட்கள் என்றே கணக்கிடுகிறார்கள். ஜனவரி 31, பெப்ரவரி 29, இரண்டும் சேர்ந்து 60. மீதி 12, அதாவது மார்ச் 12. ஆனால் 1965 லீப் ஆண்டு அல்ல என்பதால், சாதாரண நாட்காட்டியைப் பார்த்து எண்ணுபவர் பெப்ரவரிக்கு 28 நாட்களையே எடுத்து, 59 போக மீதி 13 என்று முடித்துவிடுவார். லீப் அல்லாத ஆண்டில் மார்ச் மாதம் தொடங்கியதற்குப் பிறகு பிறந்த எவருக்கும் இது நேரலாம். ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கு நேராது. உங்கள் பதிவில் சரியாக ஒரு நாள் மட்டும் பிந்தியிருந்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது கடிதத்தை இப்படி எழுதினோம். மேலே அம்மாவின் பெயர், முகவரி, திகதி. அதன் கீழே "முகாமையாளர்" என்று கிளையின் பெயருடன் முகவரியிட்டு, பொருள் வரியில் கணக்கு இலக்கத்தையும் குறிப்பிட்டோம். கடிதத்தின் உடல் இதுதான்:

"ஐயா, மேற்படி கணக்கில் எனது பிறந்த திகதி 1965.03.13 எனப் பதியப்பட்டுள்ளது. எனது பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் உள்ளவாறு அது 1965.03.12 ஆகும். அடையாள அட்டை இலக்கத்தில் பெப்ரவரி மாதம் எப்போதும் 29 நாட்களாகக் கணக்கிடப்படுவதால், 72ஆவது நாள் மார்ச் 12ஐயே குறிக்கும். ஆகவே, எனது பெயரிலுள்ள நிலையான வைப்பு உட்பட அனைத்துக் கணக்குகளிலும் இத்திகதியைத் திருத்தி, திருத்தியமையை எழுத்து மூலம் அறியத் தருமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். இரு ஆவணங்களின் நிழற்பிரதிகளை இணைத்துள்ளேன்; மூலப்பிரதிகளை நேரில் காட்டுவேன்."

"அனைத்துக் கணக்குகளிலும்" என்ற சொல்லை நான் வற்புறுத்திச் சேர்த்தேன், ஏனெனில் ஒரு கணக்கை மட்டும் குறிப்பிட்டால் மற்றவை பழையபடியே கிடக்கக்கூடும். கையொப்பம் கணக்குத் திறந்தபோது வைத்த மாதிரியை ஒத்திருக்க வேண்டும். அம்மா இப்போது சுருக்கமாக ஒப்பமிடுவதால், பழைய முறையிலேயே வைக்கச் சொன்னேன். மூலப்பிரதிகளைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டோம். கடிதத்தின் இன்னொரு பிரதியில், பெற்றுக்கொண்டதாக முத்திரையும் திகதியும் வைத்துத் தரும்படி கேட்டு அதையும் வாங்கினோம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அடையாள அட்டையிலேயே திகதி பிழையென்றால், வங்கிக்கு எழுதிப் பயனில்லை. முதலில் கிராம உத்தியோகத்தரிடம் சென்று, பிரதேச செயலகத்தின் ஊடாக ஆட்பதிவுத் திணைக்களத்தில் அட்டையைத் திருத்திய பின்னரே வங்கிக்குச் செல்ல வேண்டும்.

இம்முறை அதே உத்தியோகத்தர் கடிதத்திலிருந்த கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் வாடிக்கையாளர் விபரப் படிவம் ஒன்றைப் புதிதாக நிரப்பி வாங்கிக்கொண்டார். சில நாட்களில் திருத்தியதாகக் கடிதம் வந்தது. அன்று மாலையே செயலியில் 12 என்று இட்டோம், பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டது.