சொதிச் சாப்பாடும் ஒரு மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறவன். உடம்பு எடையைக் குறைக்கத் தரும் மருந்துகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துகளின் பெயர்களை வரிசையாக வாசிப்பதைவிட, என்னிடம் வந்த ஓர் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்கிறேன். பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும்.

டவுனில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வயது 48, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 92 கிலோ. யாரோ சொன்னார்கள் என்று ஆர்லிஸ்டாட் 120 மில்லிகிராம் வாங்கி, வேளைக்கு ஒன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார். மூன்றாம் நாள் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் சொதிச் சாப்பாடு. நம்மூர் சொதி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெட்டியான முதல் தேங்காய்ப்பால் கடைசியில் விழுந்தால்தான் அது சொதி. கூடவே உருளைக்கிழங்கு பொரியல், இஞ்சித் துவையல், பாயசம், அதற்குமேல் நெய் ஊறிய அல்வா.

மறுநாள் காலை கடையில் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தபோது வாயு பிரிந்த மாதிரி இருந்திருக்கிறது. எழுந்து பார்த்தால், வெள்ளை வேட்டியில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய்க் கறை. கடையை மகனிடம் விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்துவிட்டார். "ஐயா, உள்ள ஏதோ கிழிஞ்சிட்டுன்னு பயந்துட்டேன்" என்றார்.

எதுவும் கிழியவில்லை. மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாம் சாப்பிடும் எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் எல்லாவற்றிலும் இருப்பது கொழுப்பு. அது அப்படியே குடல் சுவரைத் தாண்டாது. கணையத்திலிருந்து லைப்பேஸ் என்ற நொதி சுரந்து, கத்தரிக்கோல் மாதிரி அதைத் துண்டு துண்டாக வெட்டித் தர வேண்டும். ஆர்லிஸ்டாட் அந்தக் கத்தரிக்கோலின் வெட்டும் முனையில் போய் ஒட்டிக்கொள்கிறது. மாட்டிய நொதி அதன்பின் வெட்டாது. வழக்கமான அளவில் சாப்பிட்டால், உணவிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் வெட்டுப்படாமல் மலத்தோடு போய்விடும். மாத்திரை ரத்தத்துக்குள் போவது மிகக் குறைவு. பசியை இது தொடுவதே இல்லை.

ஒவ்வொரு வேளைக்கும் கணையம் புதுசாக நொதியைச் சுரக்கிறது. அதனால்தான் மாத்திரையும் வேளாவேளைக்குப் போட வேண்டியிருக்கிறது. சாப்பாட்டோடு போடலாம், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ளும் போடலாம். ஒரு வேளை சாப்பிடவில்லை, அல்லது எண்ணெயே இல்லாத சாப்பாடு என்றால் அந்த வேளை மாத்திரை தேவையில்லை.

இப்போது சொதிக்கு வருவோம். அண்ணாச்சி அன்று மதியம் சாப்பிட்ட தேங்காய்ப்பால், நெய், பொரித்த எண்ணெய் எல்லாம் சேர்த்து உத்தேசமாக 90 கிராம் கொழுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30 சதவீதம் 27 கிராம். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். அது ஜீரணமாகாமல் குடலில் இறங்கினால் எங்கே போகும்? ஒரு நாள் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்து, வாயுவோடு கசியும். அவசரமாக வெளிக்குப் போக வேண்டியிருக்கும். மலத்தில் எண்ணெய் மிதக்கும். மாத்திரையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். சிலர் இதற்குப் பயந்தே எண்ணெயைக் குறைத்துக்கொள்கிறார்கள். மருந்தின் பலனில் அந்தப் பயத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கல்யாணச் சாப்பாடு இல்லாத சாதாரண நாளில் என்ன கணக்கு? நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவர், அதில் 50 கிராம் கொழுப்பு எடுத்தால் அது 450 கலோரி. மாத்திரை வெளியேற்றுவது அதில் 30 சதவீதம், 135 கலோரி. மாதக் கணக்கில் பார்த்தால் அரைக் கிலோ உடல் கொழுப்புக்குச் சமம். போகப் போக உடம்பு செலவைக் குறைத்துக்கொள்வதால் அந்த வேகமும் நீடிக்காது. நம் சாப்பாட்டில் பெரும்பங்கு சோறு, இட்லி, சர்க்கரை. இந்த மாத்திரை மாவுச்சத்தைத் தொடாது, சீனியையும் தொடாது. அல்வாவில் இருக்கிற நெய்யில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றும், சீனி முழுவதையும் உள்ளே விட்டுவிடும். எண்ணெயும் இறைச்சியும் நிறையச் சாப்பிடும் நாடுகளில் செய்த ஆராய்ச்சிகளிலேயே, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு ஓராண்டு எடுத்தவர்களுக்குச் மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட சராசரியாக மூன்று கிலோதான் கூடுதலாகக் குறைந்தது.

அண்ணாச்சியின் கதையில் இன்னொரு கிளை உண்டு. வீட்டில் மாத்திரை இருக்கிறதே என்று அவர் மனைவியும் காலையில் இட்லியோடு ஒன்று போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தைராய்டு குறைபாடு உண்டு. காலையில் எழுந்ததும் தைராக்சின் மாத்திரை, முக்கால் மணி நேரம் கழித்து இட்லியும் ஆர்லிஸ்டாட்டும். இரண்டு மாதத்தில் அவருக்கு எடை குறையவில்லை, ஒரு கிலோ கூடியிருந்தது. ஓயாத அசதி, முடி கொட்டல். ரத்தம் பார்த்தால், முன்பு 3 இருந்த டி.எஸ்.எச். 11 ஆகியிருந்தது. தைராய்டு போதாதபோது ஏறுகிற அளவு அது. ஆர்லிஸ்டாட் தைராக்சின் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். அவருக்கு ஆர்லிஸ்டாட்டை நிறுத்திவிட்டு, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது டி.எஸ்.எச். இறங்கியிருந்தது.

இதே வழியில் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் எண்ணெயோடு சேர்ந்து போய்விடும். நெடுநாள் எடுப்பவர்கள் ராத்திரி படுக்கப் போகும்போது, ஆர்லிஸ்டாட்டிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, வைட்டமின் மாத்திரை போட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் கே குறைந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சிறுநீரகமும் கவனிக்க வேண்டிய இடம். ஜீரணமாகாத கொழுப்பு குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமாக அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து வெளியேறுகிற ஆக்சலேட் என்ற உப்பு, துணையில்லாமல் ரத்தத்துக்குள் ஏறி, சிறுநீரகத்தில் படிந்து கல்லாகலாம். அபூர்வமாகச் சிறுநீரகமே பழுதாகலாம். நம்மூர் வெயிலில் தண்ணீரும் குறைவாகக் குடிக்கிற ஆள் என்றால், நான் இந்த மாத்திரை எழுதவே யோசிப்பேன். மிக அரிதாக ஈரல் பாதிப்பும் வந்திருக்கிறது. மஞ்சள் காமாலை, கோலா நிறத்தில் சிறுநீர் என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

சரி, அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று? எண்ணெயைக் குறைத்துக்கொண்டு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். பன்னிரண்டு வாரத்தில் முதல் எடையில் 5 சதவீதம் குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தொடர்வதில் பயனில்லை என்பது இந்த மருந்துக்கு ஒரு நல்ல அளவுகோல். 92 கிலோவில் 5 சதவீதம் 4.6 கிலோ. பன்னிரண்டாவது வாரத்தில் அவர் 89 கிலோ. நிறுத்தச் சொன்னேன்.

"அப்போ ஊசி போட்டிரலாமா, ஐயா?" என்றார். எல்லோரும் இப்போது கேட்கிற கேள்வி அதுதான்.

ஊசியைச் சொல்வதற்கு முன், பசியைக் குறைக்கும் பழைய மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமின் மூளையில் நிறைவு உணர்வைக் கூட்டியது, கூடவே நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டியது. இதய நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமானதால் 2010-இல் பல நாடுகளில் விலக்கப்பட்டது, அடுத்த ஆண்டு இந்தியாவிலும் தடை. ஆனாலும் மூலிகை என்று விற்கப்படும் சில மெலிவுப் பொடிகளில் இந்தச் சிபுட்ரமின் கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. 'மூலிகைதானே' என்று எவராவது ஒரு பொடி தின்று, ஒரே வாரத்தில் பசியே போய், நெஞ்சு படபடவென்று அடித்தால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான்.

இப்போதைய ஊசி, உதாரணமாகச் செமாக்ளூடைட், வேறு வகை. சாப்பிட்டதும் நம் குடலே ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 'வயிறு நிறைந்தது' என்று மூளைக்குச் சொல்வதில் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் இரண்டொரு நிமிஷத்தில் அழிந்துவிடும். செமாக்ளூடைட் அதே சாயலில் செய்த மருந்து, ஆனால் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு ஊசி. மூளையின் பசி மையங்களில் வேலை செய்கிறது, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. பெரிய ஆராய்ச்சி ஒன்றில் 68 வாரத்தில் சராசரி எடை ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தது. ஆர்லிஸ்டாட்டோடு ஒப்பிட்டால் இது வேறு தட்டு.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வரும்; இரைப்பை மெதுவாகக் காலியாவதும் அதற்கு ஒரு காரணம். இதைக் குறைக்கத்தான் 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றி, நான்கு மாதத்தில் 2.4-க்குப் போகிறோம். இங்கே ஒரு இளைஞர் மூன்றாவது வாரத்திலேயே தானாக 1 மில்லிகிராமுக்குத் தாவிவிட்டார். ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் வேறு. மூன்று நாள் வாந்தி, நீர் வற்றி, சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் 1.9. குளுக்கோஸ் ஏற்றி இரண்டு நாளில் சரியானது.

ஊசியை நிறுத்தினால் பசி பழையபடி திரும்பும். அந்த ஆராய்ச்சியில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. குறையும் எடையில் ஒரு பங்கு தசை என்பதையும் மறக்கக் கூடாது. கணைய அழற்சி அபூர்வம், ஆனால் உண்டு. குடும்பத்தில் மெடுல்லரி என்ற வகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தவர்களுக்கு இந்த ஊசி கூடாது. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் இரண்டு மாதம் முன்னதாகவே நிறுத்த வேண்டும். பித்தப்பைக் கல்லும் கூடுதலாக வரும்.

அந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி மஞ்சப் பைக்குள் கையை விட்டு ஒரு பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்தார். போன வருஷம் வேறு ஏதோ வலிக்காக எடுத்தது. பித்தப்பையில் இரண்டு கல், பெரியது 9 மில்லிமீட்டர். அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை, வலியும் இல்லை. எடை வேகமாகக் குறைந்தால் அந்தக் கல் தொந்தரவு செய்ய ஆரம்பிக்கலாம். முதலில் அறுவை மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டு வாருங்கள், ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றேன்.

"சரி ஐயா. ஒருவேளை ஊசி போட்டா, எத்தனை மாசம்?" என்று வாசல் வரை போய்த் திரும்பிக் கேட்டார்.

"மாசக் கணக்கு இல்ல, அண்ணாச்சி, வருஷக் கணக்கு" என்றேன்.

விரலை மடக்கி என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டே படி இறங்கினார். கடைக்காரர் அல்லவா. வணக்கம்.