மூன்று நெருப்புக்கு என்ன பதில்?

நேயர்களுக்கு வணக்கம். யூடியூபில் பிளவுஸ் தைக்கக் கற்றுத் தருகிறேன். வீடியோ போட்டதும் கமென்டில் முதலில் வந்து விழுவது நெருப்பு, நூறு, மினுக்கு நட்சத்திரம் என்று மூன்று படங்கள்தான். இவற்றுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள்.

சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட அந்த நூறு, ஜப்பான் பள்ளிகளில் விடைத்தாளில் போடும் முழு மதிப்பெண். தைத்த துணியைக் காட்டும்போது வந்தால் 'வேலை சுத்தம்' என்று பொருள். 'லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டாதீர்கள்' என்று நான் பேசும் வீடியோவில் வந்தால், 'நீங்கள் சொல்வது சரி' என்று பொருள். அங்கே போய் 'பாராட்டுக்கு நன்றி' என்று எழுதினால் பொருந்தாது. 'உங்களுக்கும் துணி சுருங்கியதா?' என்று கேட்டால் பேச்சு வளரும். நெருப்பு என்றால் 'அசத்திட்டீங்க'. மினுக்கு நட்சத்திரம் பெரும்பாலும் அழகுக்கு. ஜரிகை, கல் வேலை வீடியோக்களில் அதிகம் பார்க்கலாம்.

ஒருமுறை, பிளவுஸுக்குக் கை வைத்துத் தைக்கும் வீடியோவுக்கு ஒருவர் மூன்று நெருப்பு மட்டும் போட்டிருந்தார். வழக்கம்போல் நன்றி சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான், 'நன்றிங்க. 6:40-ல கை வெட்டுறது புரிஞ்சுதா, இல்ல ஆம்ஹோல்ல சேர்க்கிற இடம் பிடிச்சுதா?' என்று எழுதினேன். நிமிடத்தை அப்படி எண்ணில் எழுதினால் அதுவே லிங்க் ஆகிவிடும். தொட்டதும் அந்த இடத்துக்கே போகலாம். சாயங்காலம் பதில் வந்தது: 'அக்கா, எனக்கு எப்பவும் முன்பக்கம் கை சுருங்குது.' கையின் முன்பக்க வளைவைப் பின்பக்கத்தைவிட அரை இன்ச் உள்ளே குடைந்து வெட்டச் சொன்னேன். அவர் கேட்ட பிறகுதான், வீடியோவில் அதைச் சொல்லாமல் விட்டது எனக்கே தெரிந்தது. அந்த விளக்கத்தைத் தனிக் கமென்டாக எழுதி, எல்லாக் கமென்டுக்கும் மேலே நிற்கும்படி 'பின்' செய்தேன். ஒரு வீடியோவில் ஒரு கமென்டைத்தான் 'பின்' செய்யமுடியும். அந்த இடத்தை நம் புகழுக்குக் கொடுக்காமல் இப்படி ஒரு திருத்தத்துக்குக் கொடுக்கலாம்.

எல்லாருக்கும் இப்படி எழுத நேரம் இருக்காது, சரி. மற்றவர்களுக்கு இதயக் குறியைத் தொட்டால் போதும். நம் படத்தோடு சிவப்பு இதயம் விழும், அவர்களுக்கும் அறிவிப்பு போகும். ஒரே நன்றியை நாற்பது பேருக்கு ஒட்டுவதைவிட அது மரியாதை.

அப்புறம், எல்லா நெருப்பும் பாராட்டு அல்ல. வீடியோ போட்ட சில நொடிகளில், எல்லா வீடியோவிலும் அதே படங்களோடு ஒரு கணக்கு வந்தால் அதன் சேனலைத் திறந்து பாருங்கள். சொந்த வீடியோ ஏதும் இல்லாமல் வெளி லிங்க் மட்டும் இருந்தால், ஆட்களை அங்கே இழுக்கத்தான் வந்திருக்கும். அதற்கு இதயமும் வேண்டாம், பதிலும் வேண்டாம், சேனலிலிருந்து மறைத்துவிடுங்கள். அந்த லிங்க்கை மட்டும் தொடாதீர்கள்.