தமிழ்வழியில் படித்தவரின் முதல் இன்டர்னல்: சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: "ஐயா, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறேன். முதல் இன்டர்னல் தேர்வுக்கு மூன்று வாரங்கள்தான் இருக்கின்றன. ஆங்கில இலக்கணத்தை எங்கிருந்து தொடங்கினால் தேறலாம்?"

இந்தக் கேள்வியைப் படித்ததிலிருந்து எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் மூன்று வாரத்தில் இலக்கணப் புத்தகத்தைத் திறந்தவர்கள் பெரும்பாலும் காலங்களின் அட்டவணையோடு நின்றுவிட்டு, வேதியியல் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வேதியியல் தாளைத் திருத்துபவர் இலக்கணப் பிழைகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கேட்டதற்கு விடை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஆகவே இலக்கணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு இரண்டு மதிப்பெண் கேள்வியைக் கையில் எடுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் கோட்பாட்டுப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, பருவத் தேர்வு 60 என்று பிரித்திருக்கிறார்கள். அந்தப் பருவத் தேர்வுத் தாளின் முதல் பகுதியில் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள் வரும். இன்டர்னல் தாள்களும் பெரும்பாலும் அதே வடிவத்தைத்தான் பின்பற்றுகின்றன, ஆனால் தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் துறையில் பழைய தாளை ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீரின் கடினத்தன்மை என்ற பகுதியை எடுத்துக்கொள்வோம். முதலாண்டுப் பொறியியல் வேதியியலில் இது வரும். ஆனால் உங்களுக்கு இது புதிதன்று. பதினோராம் வகுப்பு வேதியியலில் ஹைட்ரஜன் பாடத்தில் கடின நீரைப் படித்திருக்கிறீர்கள். கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகளால் வருவது தற்காலிகக் கடினத்தன்மை, கொதிக்க வைத்தால் நீங்கிவிடும். அவற்றின் குளோரைடு, சல்பேட்டுகளால் வருவது நிரந்தரக் கடினத்தன்மை, கொதிக்க வைத்தாலும் நீங்காது. விஷயம் முழுவதும் உங்கள் தலையில் இருக்கிறது, அதைச் சொல்லும் வாக்கியம்தான் இல்லை.

அந்த வாக்கியத்தை எங்கே எடுப்பது என்றால், நான் முன்பும் பலமுறை சொன்னதுபோல, அதே அரசுப் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பில்தான். பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களின் இரண்டு பதிப்புகளும் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பாட வரிசையும் படங்களும் சமன்பாடுகளும் ஒத்திருக்கின்றன. தமிழில் படித்த பத்தியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பத்தியை வாய்விட்டுப் படித்தால், அகராதியைத் திறக்காமலேயே பாதிச் சொற்கள் விளங்கிவிடும், ஏனென்றால் அங்கே என்ன சொல்லப்படுகிறது என்பது உங்களுக்கு முன்பே தெரியும். கல்லூரிப் பாடநூலை முதலிலேயே திறப்பவர் புதிய பாடத்தையும் புதிய மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார்; அது தேவையற்ற சுமை.

படித்த பின் நான்கு வாக்கியங்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். "டெம்பரரி ஹார்ட்னஸ் இஸ் டியூ டு பைகார்பனேட்ஸ் ஆஃப் கால்சியம் அண்ட் மக்னீசியம்." அடுத்தது, "இட் கேன் பி ரிமூவ்டு பை பாயிலிங்." மூன்றாவது, "பெர்மனன்ட் ஹார்ட்னஸ் இஸ் டியூ டு குளோரைட்ஸ் அண்ட் சல்ஃபேட்ஸ் ஆஃப் கால்சியம் அண்ட் மக்னீசியம்." நான்காவது, "இட் கெனாட் பி ரிமூவ்டு பை பாயிலிங்." இரண்டையும் வேறுபடுத்திக் காட்டச் சொல்லி டிஸ்டிங்குவிஷ் என்று கேட்டால் விடை இவ்வளவுதான். நன்றாகப் பாருங்கள்: இந்த நான்கிலும் இருப்பவை இரண்டே அமைப்புகள். இன்னதால் ஏற்படுகிறது என்பதற்கு "இஸ் டியூ டு". இன்னதைக் கொண்டு நீக்கலாம் என்பதற்கு "கேன் பி ரிமூவ்டு பை". நாளைக்கு இயற்பியலில் உராய்வைப் பற்றிக் கேட்டாலும் காரணம் சொல்ல முதலாவது அமைப்பு அப்படியே உதவும். அறிவியல் விடைத்தாளுக்கு இப்படிப்பட்ட அமைப்புகள் பத்துப் பன்னிரண்டு இருந்தால் முதல் இன்டர்னலைத் தாண்டிவிடலாம் என்பது என் கணிப்பு.

ஆனால் இதை மனப்பாடமாக மாற்றிவிடக் கூடாது. பெரும்பாலானோர் வழுக்கும் இடம் இதுதான். என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார், கொதிகலனில் படியும் ஸ்கேல், ஸ்லட்ஜ் பற்றி முழுப்பக்கத்தை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பார். தேர்வில், ஸ்கேல் படிவதை எப்படித் தடுக்கலாம் என்று கேட்டார்கள். அவரோ ஸ்கேல் என்பது கடினமாக ஒட்டிக்கொள்ளும் படிவு, ஸ்லட்ஜ் என்பது இளகிய படிவு என்று தொடங்கி அந்தப் பக்கம் முழுவதையும் எழுதிவிட்டு வந்தார். பாஸ்பேட் சேர்த்தால் கால்சியம் இளகிய வீழ்படிவாக மாறும், அதைக் கொதிகலனிலிருந்து வெளியேற்றிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். நான் தமிழில் கேட்டபோது உடனே சொன்னார். கேள்வியில் அவர் கண்டது ஸ்கேல் என்ற ஒரு சொல்லை மட்டும். அதன் முன்னால் இருந்த "ஹவ்" அவர் கண்ணில் படவேயில்லை.

எனவே கேள்வியின் முதல் சொல்லைத் தனியாகப் பழகுங்கள். டிஃபைன் என்றால் ஒரு வாக்கியம் போதும். டிஸ்டிங்குவிஷ் என்றால் இரண்டு பொருளையும் ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டும். ஒன்றின் காரணத்தையும் மற்றொன்றின் பயனையும் எழுதினால் மதிப்பெண் வராது. "வை", அதாவது ஏன், என்றால் காரணம். கடின நீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை என்று கேட்டால், கடின நீரின் வரையறையை எழுதாமல், கால்சியம் மக்னீசியம் அயனிகள் சோப்புடன் வினைபுரிந்து கரையாத வீழ்படிவைத் தருகின்றன என்பதை "திஸ் இஸ் பிகாஸ்" என்று தொடங்கி எழுதுங்கள்.

மனப்பாடமா, புரிதலா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நோட்டை மூடிவிட்டு விடையின் மூன்றாவது வாக்கியத்திலிருந்து தொடங்கி எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்திற்குத் திரும்பிச் சென்றால்தான் கை ஓடுகிறது என்றால், நீங்கள் ஓசையைத்தான் வைத்திருக்கிறீர்கள். அதே பகுதியை வேறொரு கேள்விச் சொல்லோடு உங்கள் நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள், இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

ஆங்கிலப் பாடத்துக்கான தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் கடிதம், பத்தி, ஒரு செயல்முறையை விவரித்தல் போன்றவை வரும். கடிதத்துக்கு அமைப்பு முக்கியம், அதை ஒரு மாலையில் பழகிவிடலாம். செயல்முறை விவரிப்புக்கு, நீர் சூடாக்கப்படுகிறது, வடிகட்டப்படுகிறது என்ற வகை வாக்கியங்கள் வேண்டும். அவற்றை நீங்கள் வேதியியல் நோட்டிலேயே எழுதிப் பழகியிருப்பீர்கள்.

என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, திருத்திய தாள் கைக்கு வந்ததும் என்ன செய்வது என்பதுதான். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். குறைந்த ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வி புரியவில்லையா, தெரிந்தும் வாக்கியம் வரவில்லையா? முதலாவது என்றால் பாடத்தைப் படிக்க வேண்டும். இரண்டாவது என்றால் பழைய தாள்களின் கேள்விகளை மட்டும், விடை எழுதாமல், தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். மூன்றாவது என்றால் எந்த வாக்கிய அமைப்பு கைகொடுக்கவில்லை என்று பார்த்து, அதை வேறு மூன்று பாடங்களின் விடைகளில் பயன்படுத்தி எழுதி, அந்தப் பாட ஆசிரியரிடமே காட்டித் திருத்தம் வாங்குங்கள்.