துக்க லீவ் மெசேஜ்ல திரும்பி வர்ற தேதியைப் போடாதீங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு பேச நினைச்சது வேற, ஆனா போன வியாழக்கிழமையில இருந்து இது மனசுலயே ஓடுது. விடியக்காலம் 4 மணிக்கு என் சித்தி பொண்ணு போன் பண்ணா. அவ அப்பத்தா தவறிட்டாங்க. ஊர் தென்காசி பக்கம். இவ கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி உட்கார்ந்துட்டு, "அக்கா, மேனேஜருக்கு என்ன எழுதுறது, கையே ஓடல"ன்னு அழறா.

அவ அடிச்சு வச்சிருந்தது ஒரு பக்கத்துக்கு இருந்துச்சு. எப்போ ஆஸ்பத்திரியில சேத்தாங்க, சுகர் எவ்வளவு, எல்லாம். "ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்"னு தொடக்கம், "சிரமத்துக்கு மன்னிக்கவும்"னு முடிவு. என்னோட லீவ் லெட்டர் வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும், இந்த ரெண்டும் எனக்கு ஆகவே ஆகாது. சாவுக்குப் போறதுக்கு எதுக்குங்க மன்னிப்பு?

எல்லாத்தையும் எடுத்துட்டோம். மேனேஜர் மதுரைக்காரர், அதனால தமிழ்லயே அனுப்பினது இதான்: "சார், இன்னைக்கு விடியக்காலம் எங்க அப்பத்தா தவறிட்டாங்க. என்னை வளர்த்தவங்க. ஊருக்குக் கிளம்பிட்டேன். இன்னைக்கும் நாளைக்கும் வர முடியாது. எப்போ எடுக்கிறாங்கன்னு இன்னும் முடிவாகல. எத்தனை நாள் ஆகும்னு சனிக்கிழமை சாயங்காலம் சொல்றேன். வழியில சிக்னல் இருக்காது."

"என்னை வளர்த்தவங்க" மட்டும் நான்தான் அப்படியே வைக்கச் சொன்னேன். நம்ம நாட்டுல தனியார் கம்பெனிக்கு துக்க லீவ் குடுத்தே ஆகணும்னு பொதுவான சட்டம் கிடையாது, கம்பெனி வச்சதுதான் விதி. நிறைய இடத்துல அப்பா அம்மா, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க வரைக்கும்தான் கணக்கு. அப்பத்தா அதுல இல்லன்னா மேனேஜர் பாத்துதான் முடிவு பண்ணணும். அவருக்கு அந்த ரெண்டு வார்த்தை போதும்.

இப்போ அந்தத் தேதி விஷயம். முதல்ல அவ "திங்கட்கிழமை வந்துடுவேன்"னு போட்டிருந்தா. நான் எடுக்கச் சொன்னேன், அவ எடுக்க மாட்டேன்னா, பஸ்ஸு செங்கல்பட்டு தாண்டுற வரைக்கும் இதே பேச்சு. கடைசியில என்னாச்சு? துபாய்ல இருக்கிற சித்தப்பாவுக்கு டிக்கெட் கிடைக்கல. ஃப்ரீசர் பெட்டியில வச்சு, சனிக்கிழமை மத்தியானம்தான் எடுத்தாங்க. ஞாயிறு காடாத்து. திங்கள் காலையில சென்னையில எப்படி நிப்பா? தேதி போட்டிருந்தா, அந்த வீட்டுல உட்கார்ந்துட்டு ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும். சனிக்கிழமை சொன்னபடி ஒரு மெசேஜ் போட்டா: புதன் வர்றேன், 16-ம் நாள் காரியத்துக்கு இன்னொரு நாள் வேணும். அவ்வளவுதான்.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். முதல் மெசேஜ்ல கடைசியா ஒரு வரி இருந்துச்சு: "டெஸ்டிங் ஃபைல் டீம் ஃபோல்டர்ல இருக்கு, பக்கத்து சீட்டு அக்காவுக்குத் தெரியும்." அந்த வரி இருந்ததாலதான் அவளுக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு போன்கூட வரல. போர்ட்டல்ல லீவ் போடுறது, எந்த வகை லீவுங்கிறது எல்லாம் புதன்கிழமை வந்துதான் பாத்தா.