பிட்டை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

வணக்கம் நேயர்களே. வன்னி வீடுகளில் கொப்பியில் எழுதிவைத்த சமையல் குறிப்புகளை, வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் மாற்ற நினைப்பவர்களுக்கு இந்த உரை. பிட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

குறிப்பு இரண்டே வரிதான்: "வறுத்த அரிசிமா 2 சுண்டு, அவித்த கோதுமைமா 1 சுண்டு, அளவாக உப்பு. சுடுதண்ணி விட்டுக் குழைத்து, கொத்தி, தேங்காய்ப்பூ போட்டு நீத்துப்பெட்டியில் அவிக்கவும்."

முட்டையையும் அவிக்கிறோம், பிட்டையும் அவிக்கிறோம். முட்டை தண்ணீருக்குள் வேகிறது, பிட்டு ஆவியில் வேகிறது. 'போயில்' என்று எழுதினால் பிள்ளை கஞ்சிதான் காய்ச்சும். 'ஸ்டீம்' என்று சரியாக எழுதினாலும் கோதுமைமாவில் சிக்கல் தீராது. மாவைத் துணியில் கட்டி அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆவியில் வைத்து, சூட்டோடு கட்டிகளை உடைத்து அரித்தெடுப்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். ஆங்கிலத்தில் இதைத் தனிப்படியாகவே எழுத வேண்டும். பச்சை மாவில் செய்தால் பசைத்தன்மை எழும்பி, குழைத்தது றப்பர் மாதிரி இழுபடும். எவ்வளவு கொத்தினாலும் உதிராது.

அந்தக் 'கொத்தி'யும் கத்தியால் வெட்டுவதல்ல. பேணியின் விளிம்பால் மாவைக் குத்திக் குத்திச் சிறு மணிகளாக்குவது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாமல், கருவியையும் முடிவில் மா இருக்கவேண்டிய பதத்தையும் எழுதிவிடுங்கள்: மிளகளவு மணிகள், கையில் பிடித்தால் சேரும், தட்டினால் உதிரும்.

இனிச் சுண்டு. வீட்டுக்கு வீடு பேணி வேறு என்பதால் புத்தகத்தில் பார்த்த கிராம் கணக்கைப் போடாதீர்கள். குறிப்புக்காரரின் பேணியையே வாங்கி, மாவை அமத்தாமல் நிரப்பி, மேலே வழித்துவிட்டுத் தராசில் வையுங்கள். மூன்று தரம் நிறுத்துச் சராசரி எடுங்கள். அமத்தி நிரப்பினால் நிறை நன்றாகவே கூடிவிடும். தண்ணீருக்கு மட்டும் முடிந்த முடிவாக ஓர் அளவு எழுத முடியாது. மா வறுபட்ட விதத்தைப் பொறுத்து அது குடிக்கும் தண்ணீரும் மாறும். ஒரு சுண்டில் தொடங்கி, மிச்சத்தைச் சிறிது சிறிதாக விடச் சொல்லுங்கள். கூடினால் கட்டிபடும், குறைந்தால் வெந்த பிறகும் மா மாவாகவே இருக்கும்.

தேங்காய்ப்பூவைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் தென்னம்பாளையைத் தேடுவார்கள். அது துருவிய பச்சைத் தேங்காய். கடையில் காய்ந்த துருவல்தான் கிடைக்குமென்றால், இளஞ்சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சேர்க்கும்படி குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் அது பிட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

நீத்துப்பெட்டியின் பெயரை அப்படியே வைத்து, பனையோலையில் இழைத்த கூம்புப் பெட்டி என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பெட்டி இல்லாதவர்கள் ஸ்டீமர் தட்டில் மெல்லிய துணி விரித்து, மாவை அமத்தாமல் தூவி மூடலாம். நேரத்தை அடுப்பு மூட்டியதிலிருந்து கணக்கிடக்கூடாது. மாவுக்கு மேலே ஆவி வரத் தொடங்கியதிலிருந்து பத்து நிமிடமளவு என்று எழுதுங்கள்.