கரோசலைக் கடைசிப் படத்திலிருந்து தொடங்குங்கள்

(ஹட்டனில் நடந்த வாசகர் வட்டப் பொறுப்பாளர்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஒவ்வொரு மாதமும் எங்கள் வட்டத்துக்கு அந்த மாதப் புத்தக அறிவிப்பைப் படங்களாகச் செய்து போடுவது என் வேலை. ஆறு படம். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கலாம். இன்ஸ்டகிராமில் இதைக் கரோசல் என்கிறார்கள். முதல் படத்தில் புத்தகம், கடைசிப் படத்தில் கூட்ட விவரம், நடுவில் கேள்விகள். இதில் பேச என்ன இருக்கிறது என்று வரும் வழியில் ஒரு தம்பி கேட்டார். இருக்கிறது தம்பி. நான் பட்டது கொஞ்சம் இருக்கிறது.

ஒரு மாதம் நோர்வூட் பக்கத்து அக்கா ஒருவர் போன் பண்ணினார். "தம்பி, பத்து மணிக்குன்னு போட்டிருக்கீங்க, எங்கே, எந்தப் புத்தகம்?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு படத்தில் எல்லாம் எழுதியிருந்தேனே. பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். மகளுடைய வகுப்புத் தோழி கடைசிப் படத்தை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். அதில் "ஞாயிறு காலை 10 மணி, வழக்கமான இடம்" என்று எழுதியிருந்தேன். வழக்கமான இடம் என்பது வழக்கமாக வருகிறவர்களுக்குத்தானே தெரியும்?

அன்றிலிருந்து நான் கரோசலைப் பின்னாலிருந்துதான் செய்கிறேன். நம்முடைய ஆட்களில் பாதிப் பேர் இதை இன்ஸ்டகிராமில் பார்ப்பதே இல்லை. யாரோ ஒருவர் அதில் பார்த்து, தேவையான படத்தைப் பிடித்து, குடும்பக் குழுவில் போடுவார். அப்போது வரிசை போய்விடும். எந்தப் படம் தனியாகப் பயணம் போகும் என்று கேட்டால், கூட்ட விவரம் உள்ள படம்தான். ஆகவே அந்தப் படம் மற்ற ஐந்தும் இல்லாமலே நிற்க வேண்டும்.

கடந்த பெப்ரவரியில் நாங்கள் செய்ததையே எடுத்துச் சொல்கிறேன். அந்த மாதத்துக்குப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைத் தெரிந்தெடுத்தோம். தனிப் புத்தகம் அல்ல, ஒரு நீண்ட சிறுகதை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் மருதி என்ற பெண்ணின் கதை. 1935இல் மணிக்கொடியில் வந்தது. புதுமைப்பித்தனின் எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. எங்களுக்கு இதுதான் பெரிய காரணம். ஊரில் கிடைக்காத புத்தகத்தை அறிவித்துவிட்டுக் கூட்டம் கூடவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. போனிலேயே வாசிக்கக்கூடியதாக இருந்ததால் இந்தக் கதை ஒத்து வந்தது.

சரி, கடைசிப் படம். எங்கள் கூட்டம் ஒவ்வொரு மாதமும் மூன்றாம் ஞாயிறு. நான் கண்ணை மூடிக்கொண்டு பெப்ரவரி 15 என்று போட்டுவிட்டேன். வெளியிட்டு அரை மணிக்குள் பொகவந்தலாவையிலிருந்து ஒரு செய்தி: "அண்ணே, அன்னைக்குச் சிவராத்திரி." கலண்டரைப் பார்த்தால், ஆமாம். இரவு முழுக்கக் கோவிலில் இருக்கப்போகிறவர்கள் காலையில் வீட்டு வேலையை விட்டுவிட்டுக் கதை பேச வருவார்களா?

இன்ஸ்டகிராமில் கீழே எழுதும் குறிப்பைப் பிறகும் திருத்தலாம். படத்துக்குள் எழுதியதைத் திருத்த முடியாது. வேண்டுமானால் அந்த ஒரு படத்தை நீக்கலாம். நீக்கினால் கூட்ட விவரமே இல்லாத கரோசல்தான் மிஞ்சும். முழுவதையும் எடுத்துவிட்டு 22ஆம் திகதி என்று மறுபடியும் போட்டோம். ஆனால் அதற்குள் 15 என்ற படம் வட்ஸ்அப்பில் புறப்பட்டுப் போய்விட்டது. அதைக் கூப்பிட்டு நிறுத்த யாராலும் முடியாது. அதனால் புதிய படத்தில் "திகதி மாற்றம்: 15 அல்ல, 22" என்ற வரியை மேலேயே, வேறு நிறத்தில் வைத்தோம். அப்படியும் இரண்டு பேர் 15ஆம் திகதி வந்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அது என் பிழை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். திகதியையும் கிழமையையும் நான் எழுதுவேன், வேறொருவர் கலண்டரைக் கையில் பிடித்து வாசிப்பார். போயா, தீபாவளி, கோவில் திருவிழா, சாதாரண தரப் பரீட்சை, எல்லாவற்றையும் அவர்தான் பார்ப்பார். எழுதினவனுக்குத் தன் பிழை கண்ணில் படாது.

கடைசியில் அந்தப் படத்தில் இருந்தது இவ்வளவுதான்: வாசகர் வட்டத்தின் பெயர். "புதுமைப்பித்தனின் துன்பக்கேணி பற்றிப் பேசுகிறோம்." பெப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை. காலை 10 முதல் 12 வரை. ஹட்டனில் நாங்கள் கூடும் டியூஷன் வகுப்பு, பஸ் நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எந்தக் கடைக்கு மேல்மாடி. "கட்டணம் இல்லை. கதையை முழுதாக வாசிக்காவிட்டாலும் வரலாம்." அப்புறம் ஒரு தொலைபேசி எண். இதில் முடியும் நேரத்தை எழுதுவது நம் பக்கத்துக்கு மிக முக்கியம். மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் போகிறவர்கள் போகும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். தொடங்கும் நேரத்தை மட்டும் போட்டால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

இனிக் கேள்விகள். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. முதல் வருடம் நாங்கள் போட்ட கேள்விகளை இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. "இந்தக் கதை உங்களுக்குப் பிடித்ததா? ஏன்?" "ஆசிரியர் சொல்ல வரும் கருத்து என்ன?" இரண்டாவது, பாடசாலை வினாத்தாளேதான். அதைப் பார்த்ததும் வாசித்தவர்கள்கூடப் பரீட்சைக்கு வந்த மாதிரி வாயை மூடிக்கொள்கிறார்கள். முதலாவதற்குப் "பிடித்தது" என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடுகிறது.

துன்பக்கேணிக்கு மூன்று கேள்விதான் போட்டோம். ஒரு படத்துக்கு ஒன்று. முதலாவது: "மருதியை ஊரிலிருந்து கிளப்பியது எது? தோட்டத்தில் அவளைப் பிடித்து வைத்திருந்தது எது? இரண்டும் ஒன்றா?" பாதி வாசித்தவரும் இதற்கு ஏதாவது சொல்லலாம். அதே நேரத்தில் கதையின் முடிவை இது காட்டிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது: "இந்தக் கதையைத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்தை உள்ளேயிருந்து பார்த்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்று உங்களுக்குத் தோன்றும் ஒரு பத்தியைக் காட்டுங்கள்." இது நம் ஆட்களுக்கென்றே எழுதியது. சென்னையில் ஒரு வட்டம் இந்தக் கேள்வியைக் கேட்டால் எல்லாரும் ஊகிக்கத்தான் முடியும். இங்கே லயத்தில் பிறந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "ஒரு பத்தியைக் காட்டுங்கள்" என்று சேர்த்ததற்கும் காரணம் உண்டு. அது இல்லாவிட்டால் பேச்சு ஐந்தே நிமிடத்தில் கதையை விட்டுச் சம்பளப் பிரச்சினைக்குப் போய்விடும். போகட்டும், அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் கதையைத் தொட்டுவிட்டுப் போகட்டும்.

மூன்றாவது, தலைப்பைப் பற்றியது. 'துன்பக் கேணி' என்ற சொல், பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி பாடிய பாட்டில் வருகிறது. அந்தச் சொல் கரும்பிலிருந்து தேயிலைக்கு வந்தபோது எதைக் கொண்டு வந்தது, எதை விட்டுவிட்டு வந்தது? உண்மையைச் சொன்னால் இந்தக் கேள்வி எடுபடவில்லை. பாட்டைத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். பாட்டையும் ஒரு படமாகச் சேர்த்திருக்க வேண்டும்.

புத்தகத்தை அறிமுகம் செய்யும் படத்தில் ஒரு வரி எச்சரிக்கை வைத்தோம்: "கதையில் பெண்ணொருத்தி மீதான பாலியல் சுரண்டலும் நோயும் வருகின்றன." இது எதற்கு என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார்கள். தாய்மார் முன்கூட்டியே தெரிந்துகொண்டு அனுப்பட்டும் என்பது என் நினைப்பு.

முதல் படத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். புத்தக அட்டையின் படத்தை அப்படியே போட்டால் யாரும் நிற்பதில்லை. நாங்கள் பெரிய எழுத்தில் ஒரே வரி போட்டோம்: "90 வருடத்துக்கு முன் நம் தோட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கதை." கீழே தலைப்பும் ஆசிரியரும் திகதியும். அளவு 1080க்கு 1350. முதல் படம் எந்த வடிவமோ அதே வடிவத்துக்குத்தான் மற்றவையும் வெட்டப்படும் என்பதால் ஆறையும் ஒரே அளவில் செய்யுங்கள். ஓரத்தில் எழுத்து வேண்டாம், பக்கத்தின் கட்டத்தில் சிறிதாகத் தெரியும்போது ஓரம் வெட்டுப்படும்.

எழுத்துரு ஒரு தனித் தலைவலி. நம் நாட்டில் இன்னும் நிறையப் பேர் பாமினியில்தான் தட்டெழுதுகிறார்கள். பாமினியில் அடித்த அம்மாவை வேறு எழுத்துருவில் ஒட்டினால் `mk;kh` என்று நிற்பாள். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். அப்படியும் சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து போகும். நான் முதலில் 'கொழுந்து' என்று ஒரு சொல்லை அடித்துப் பார்ப்பேன். கொம்பு 'க'வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் சரியாக நின்றால் அந்த எழுத்துருவை நம்பலாம். பிறகு படத்தை என் போனில் திறந்து, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன். கண்ணாடி இல்லாமல் என் அம்மாவுக்கும் காட்டுவேன். அவருக்குத் தெரியாவிட்டால் சொற்களைக் குறைப்பேன். எழுத்தைச் சிறிதாக்குவதில்லை. ஒரு படத்தில் 35 சொல்லைத் தாண்டினால் ஏதோ ஒன்று அதிகம் என்று அர்த்தம்.

22ஆம் திகதிக் கூட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன். அந்த நோர்வூட் அக்காவும் வந்தார். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். கதையை அவர் வாசிக்கவில்லை. முதல் கேள்விப் படம் மட்டும் தனியாக அவருக்குப் போயிருக்கிறது, மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள். பிடித்து வைத்திருந்தது எது என்ற இடம் வந்ததும், "துண்டுதான்" என்றார். இளையவர்கள் யாருக்கும் விளங்கவில்லை. அவருடைய பாட்டி சொன்னதாம்: கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, கடன் தீராமல் அது கைக்கு வராது, அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். ஒரு ஆசிரியர் எழுந்து, துண்டு முறையை 1921இலேயே சட்டத்தால் ஒழித்துவிட்டார்களே, கதை வந்தது 1935இல்தானே என்றார். "சீட்டு போனா கடனும் போயிருமா சேர்?" என்றார் அக்கா. அதற்கு மேல் கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. பத்திகளைப் புரட்டி ஆளாளுக்குக் காட்டத் தொடங்கினார்கள். முடியும்போது மணி 12.40. பொகவந்தலாவை ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். படத்தில் 12 என்று நான்தான் போட்டிருந்தேன் என்று இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.